கூட்டுத் தொழில் பங்காளிகளின் கூட்டக் குறிப்பை எழுதுவது எப்படி: கொடுத்த வாக்கு, இருவரும் இசையவேண்டியது, இன்னும் தீராதது

ஊத்தான் மெலிந்தாங் போன்ற செம்பனை சூழ்ந்த ஊர்களில் கூட்டாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பல ஆண்டுகள் பழகியவர்கள். ஒரே தோட்டத்தில் வளர்ந்திருப்பார்கள், ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்திருப்பார்கள், ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறியிருப்பார். அதனால் கூட்டத்தில் பேசியதை வரிவரியாக எழுதிக் கையெழுத்து வாங்குவதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். நான் பல ஆண்டுகளாகச் சிறு நிறுவனங்களுக்குக் கூட்டக் குறிப்பு எழுதி வருகிறேன். நான் கண்ட சச்சரவுகளில் பெரும்பாலானவை யாரோ ஏமாற்றியதால் வந்தவை அல்ல. மூன்று வெவ்வேறு வகையான பேச்சை ஒரே வினைச்சொல்லில் அடைத்து எழுதியதால் வந்தவை. அந்த மூன்றையும் பிரித்து எழுதும் முறையை, ஓர் எடுத்துக்காட்டுக் கூட்டத்தை வைத்துத் தொடக்கம் முதல் கையெழுத்து வரை இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கூட்டம்

சாலையோரத்தில் 3 ஏக்கர் நிலம் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று. சொந்தமாக லோரிகள் ஓட்டும் வணிகர் ஒருவர். சிறுதோட்டக்காரர்களிடமிருந்து செம்பனைக் குலைகளை வாங்கி, எடைபோட்டு, ஆலைக்கு அனுப்பும் ஒரு ரேம்ப் நடத்துவதற்காக இவர்கள் செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் ஒன்றைப் பதிவுசெய்திருக்கிறார்கள். நிலத் தரப்புக்கு 40 விழுக்காடு, லோரித் தரப்புக்கு 60 விழுக்காடு பங்கு. பங்குதாரர் ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது. மார்ச் 14 அன்று நடக்கும் கூட்டத்தில் மூன்று பொருள்கள் பேசப்படுகின்றன. நிலத்தை நிறுவனத்துக்குக் குத்தகைக்கு எழுதிக் கொடுப்பது முதலாவது. 148,000 ரிங்கிட்டுக்கு லோரித் தராசு வாங்குவது இரண்டாவது. குலைகளை ஆலைக்கு ஏற்றிச்செல்ல லோரித் தரப்புக்கு ஒரு டன்னுக்கு எவ்வளவு கூலி கொடுப்பது என்பது மூன்றாவது.

இந்தக் கூட்டத்துக்கு வழக்கமாக எழுதப்படும் குறிப்பு இப்படி இருக்கும்: “நிலக் குத்தகை, தராசு, லோரிக் கூலி ஆகியவை விவாதிக்கப்பட்டு ஒப்புக்கொள்ளப்பட்டன.” நானும் தொடக்க காலத்தில் இப்படித்தான் எழுதினேன். இதைப் படிக்கும் மூன்றாவது ஆளுக்கு, நிலத்தை யார் எப்போது எழுதிக்கொடுக்கவேண்டும் என்பதும், தராசுக்கு நிலத் தரப்பு இசைந்ததா அல்லது 60 விழுக்காட்டுக்காரர் தாமே முடிவெடுத்தாரா என்பதும், கூலி எவ்வளவு என்பதும் தெரியாது. மலேசிய ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 30-ஆவது பிரிவு, பொருள் நிச்சயமற்றதும் நிச்சயப்படுத்த இயலாததுமான உடன்பாடு செல்லாது என்கிறது. மேலே உள்ள வாக்கியத்தில் கூலியைப் பற்றிய பகுதிக்கு அந்த நிலைதான் நேரும். தொகையும் இல்லை, தொகையைக் கண்டுபிடிக்கும் வழியும் இல்லை.

கூட்டத்துக்கு முன்: ஒப்பந்தத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்

குறிப்பு எழுதும் வேலை கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய நாள் தொடங்குகிறது. நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, பங்குதாரர் ஒப்பந்தத்தில் இரு தரப்பும் சேர்ந்து இசைந்தால்தான் செய்யலாம் என்று பட்டியலிட்ட பகுதியை முழுமையாகப் படியுங்கள். வழக்கறிஞர்கள் இதை ‘ரிசர்வ்ட் மேட்டர்ஸ்’ என்பார்கள். இந்தக் கட்டுரையில் ‘இருதரப்பு இசைவு விவகாரம்’ என்று சொல்கிறேன். நமது எடுத்துக்காட்டு ஒப்பந்தத்தில் 50,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட செலவு, எந்தத் தொகையானாலும் கடன், புதிய பங்கு வெளியீடு, வங்கிக் கணக்கில் கையெழுத்திடுவோரை மாற்றுதல், நிலக் குத்தகை தவிர ஒரு பங்காளியோடு நிறுவனம் செய்துகொள்ளும் மற்ற எந்த ஒப்பந்தமும் ஆகியவை அந்தப் பட்டியலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இந்தப் பட்டியல் எதற்காக இருக்கிறது என்பது குறிப்பு எழுதுபவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவேண்டும். நிறுவனச் சட்டம் 2016-இன்படி சிறப்புத் தீர்மானத்துக்கு 75 விழுக்காடு வாக்கு தேவை. ஆகவே 40 விழுக்காடு வைத்திருக்கும் நிலத் தரப்பு அதைத் தடுத்துவிட முடியும். ஆனால் சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் இருந்தால் போதும். லோரித் தரப்பிடம் 60 இருக்கிறது. தராசு வாங்குவதும் கூலி நிர்ணயிப்பதும் அன்றாட நிர்வாகத்தில் சேர்பவை என்பதால், பட்டியல் மட்டும் இல்லையென்றால் நிலத் தரப்பு வெறும் பார்வையாளராகிவிடும். சிறு பங்காளியின் பாதுகாப்பு முழுவதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அது பயன்படுத்தப்பட்டது என்பதற்கு ஆதாரம் கூட்டக் குறிப்பில்தான் இருக்கிறது.

பட்டியலைப் படித்த பிறகு, நிரலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அது எந்த வகை என்று பென்சிலால் எழுதுங்கள். குத்தகை ஒரு தரப்பு கொடுக்கும் வாக்கு. தராசு 50,000-ஐத் தாண்டுவதால் இருதரப்பு இசைவு விவகாரம். கூலி பங்காளியோடு செய்யும் ஒப்பந்தம் என்பதால் அதுவும் இருதரப்பு இசைவு விவகாரம்; அதோடு, இரு தரப்பும் வேறு வேறு தொகை கேட்பது முன்பே தெரிந்திருப்பதால் அது தீராமல் போகக்கூடியது. பேச்சுப்போக்கில் ஒரு பொருள் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும், அதனால்தான் பென்சில்.

வருகைப் பதிவு: யார், எந்தத் தகுதியில்

பெயர்களை மட்டும் வரிசையாக எழுதுவது போதாது. லோரித் தரப்பின் தலைவர் ஒரே நேரத்தில் மூன்று ஆளாக அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்: கூட்டு நிறுவனத்தின் இயக்குநர், 60 விழுக்காட்டுப் பங்காளியின் பிரதிநிதி, லோரி நிறுவனத்தின் உரிமையாளர். கூலியைப் பற்றிப் பேசும்போது மூன்றாவது தகுதியில் பேசுகிறார். ஆகவே அந்தப் பொருள் தொடங்கும் இடத்தில், “இப்பொருளில் தமக்குத் தனிப்பட்ட நலன் உண்டு என்பதை அவர் கூட்டத்தில் அறிவித்தார்” என்று தனி வரி எழுதவேண்டும். இயக்குநர் தம் நலனை வெளிப்படுத்தவேண்டும் என்பது நிறுவனச் சட்டமே கேட்பதுதான். யாரும் இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நிலத் தரப்பில் இதைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. நிலப் பட்டாவில் நான்கு உடன்பிறப்புகளின் பெயர் இருக்கிறது; கூட்டத்துக்கு வந்திருப்பது மூத்தவரும் கடைசித் தம்பியும். ஒருவர் ஜொகூரில் வேலை செய்கிறார், ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். “அண்ணன் சொன்னால் நாங்கள் நால்வரும் சொன்ன மாதிரி” என்று தம்பி சொல்வது குடும்பத்துக்குள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அண்ணனின் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நால்வர் பெயரிலுள்ள நிலத்தின் குத்தகையை நில அலுவலகம் பதிவுசெய்யாது. வராத இருவரிடமிருந்து எழுத்துப்பூர்வமான அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். அந்த ஒரு வரி, பின்னால் வரும் வாக்கை எப்படி எழுதவேண்டும் என்பதை மாற்றிவிடும்.

காதில் விழுவதைப் பிரிப்பது

இனி வருவது கூட்டம் நடக்கும்போது செய்யவேண்டிய வேலை. இதில் நம் பேச்சுமொழிக்கே உரிய சில சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது ‘சரி’ என்ற சொல். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் “சரி, சரி” என்று தலையாட்டினால், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் பெரும்பாலும் பொருள். அதை இசைவு என்று எழுதிவிட்டால், பிறகு அவர் அதை மறுக்கும்போது பொய் சொல்வதாகத் தோன்றும். உண்மையில் அவர் இசையவே இல்லை. இப்படி ஐயம் வந்தால் பேச்சை நிறுத்தி, “அண்ணே, நீங்கள் சரி என்றது கேட்டுக்கொண்டதாகவா, ஒப்புக்கொண்டதாகவா?” என்று கேட்டுவிடுவதே என் வழக்கம். முதல் முறை சற்றுக் கூச்சமாக இருக்கும். மூன்றாவது கூட்டத்தில் அவர்களாகவே, “இது ஒப்புக்கொண்டது, எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாவது ‘செய்யலாம்’, ‘பார்த்துக்கொள்ளலாம்’, ‘கட்டிவிடலாம்’ என்ற வடிவம். இதில் எழுவாய் இல்லை. தராசுக்கு அடித்தளம் போடுவதைப் பற்றி, “அதை ஒரு மாதத்தில் போட்டுவிடலாம்” என்று ஒருவர் சொன்னால், போடுவது யார், காசு யாருடையது என்ற இரண்டுக்கும் பதில் இல்லை. குறிப்பில் இதையே ‘போடப்படும்’ என்று செயப்பாட்டு வினையில் எழுதுகிறார்கள். அது அந்த ஓட்டையை மூடாமல் மெருகேற்றி வைப்பது. வாக்கைப் பதிவுசெய்யும் வாக்கியங்களில் ‘படும்’, ‘பட்டது’ என்று முடிவதைத் தவிர்த்து, ‘லோரித் தரப்பு போடும்’, ‘நிறுவனம் போடும்’ என்று செய்பவரை முதலில் வையுங்கள்.

மூன்றாவது ‘நாம்’, ‘நாங்கள்’ என்பவற்றின் வேறுபாடு. இது எனக்கு மிகவும் பயன்பட்டது. லோரித் தரப்பின் தலைவர், “நாங்க வேலி அடிச்சுக் குடுத்துடுறோம்” என்றால் செலவு அவர் தரப்பினுடையது. “நாம வேலி அடிச்சிடலாம்” என்றால் கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறார். அதாவது செலவு கூட்டு நிறுவனத்தினுடையது, நிலத் தரப்பின் 40 விழுக்காடும் அதில் கரையும். மலாய் மொழியிலும் கீத்தா, காமி என்ற இரண்டு சொற்கள் இதே வேறுபாட்டைக் காட்டுகின்றன. ஆகவே குறிப்பை மலாயில் எழுதினால் அந்த வேறுபாடு அழியாமல் நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் பேசி ஆங்கிலத்தில் குறிப்பெழுதும் கூட்டங்களில் இந்த இடத்தில் எத்தனையோ ஆயிரம் ரிங்கிட் கைமாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எந்த மொழியில் எழுதினாலும், அந்தச் சொல்லுக்குப் பதிலாகத் தரப்பின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ போட்டுவிடுங்கள்.

வாக்கை எழுதும் முறை

ஒரு தரப்பு வாக்குக் கொடுத்ததும் நீங்கள் உடனே தேடவேண்டியது: செய்பவர் யார், செய்யும் செயல் எது, எந்த நாளுக்குள், அவர் கையில் இல்லாத எது அதற்கு முன் நடக்கவேண்டும், நடக்காவிட்டால் என்ன. கடைசி இரண்டும்தான் வழக்கமாக விடுபடுகின்றன.

குத்தகையை எடுத்துக்கொள்வோம். தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி, 3 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் படிவம் 15ஏ-இல் பதிவுசெய்யவேண்டும். 3 ஆண்டுகளும் அதற்குக் குறைந்ததும் பதிவு தேவையில்லாத வாடகை. நம் பங்காளிகள் 6 ஆண்டு பேசியிருக்கிறார்கள். நிலம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. ஆகவே குத்தகைக்கு வங்கியின் எழுத்துப்பூர்வ இசைவும் தேவை. “நிலத் தரப்பு 6 ஆண்டுக்கு நிலத்தைத் தரும்” என்று எழுதினால், வங்கி மறுக்கும் நாளில் நிலத் தரப்பு தன் கையில் இல்லாத ஒன்றுக்காக வாக்குத் தவறியவராகிவிடும். லோரித் தரப்போ அதற்குள் தன் முதலீட்டின் இரண்டாம் தவணையைப் போட்டுவிட்டிருக்கும். ஆகவே இப்படி எழுதவேண்டும்:

> *வாக்கு 1.* நிலத் தரப்பு, (அ) குத்தகைக்கான வங்கியின் எழுத்துப்பூர்வ இசைவைக் கேட்டு ஏப்ரல் 15-க்குள் விண்ணப்பித்து, விண்ணப்பத்தின் நகலை நிறுவனச் செயலாளரிடம் தரும்; (ஆ) கூட்டத்துக்கு வராத இரு உரிமையாளர்களின் எழுத்துப்பூர்வ இசைவை அதே நாளுக்குள் தரும்; (இ) வங்கி இசைந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், நான்கு உரிமையாளர்களும் கையெழுத்திட்ட படிவம் 15ஏ-ஐச் செயலாளரிடம் ஒப்படைக்கும். மே 31-க்குள் வங்கியின் இசைவு கிடைக்காவிட்டால், இரு தரப்பும் ஜூன் 7-க்குள் கூடும். அதுவரை லோரித் தரப்பு இரண்டாம் தவணையைச் செலுத்தவேண்டியதில்லை.

இங்கே கவனிக்கவேண்டியது, விண்ணப்பிப்பது நிலத் தரப்பின் கடமை. இசைவு கிடைப்பது கடமை அன்று, ஒரு நிபந்தனை. குலைகளை வாங்கி விற்பதற்கான உரிமத்தை மலேசியச் செம்பனை வாரியத்திடம் பெறுவதற்கும் இதே முறைதான். “லோரித் தரப்பு உரிமம் எடுத்துக்கொடுக்கும்” என்று எழுதாமல், முழுமையான விண்ணப்பத்தை எந்த நாளுக்குள் சமர்ப்பிக்கும், வாரியம் கேட்கும் கூடுதல் ஆவணங்களை எத்தனை நாளுக்குள் கொடுக்கும் என்று எழுதுங்கள். பட்டாவில் விவசாயம் என்ற நிபந்தனை இருந்து, அதை மாற்ற மாநில அரசின் அனுமதி தேவைப்பட்டால், அதற்கும் அப்படியே.

வாக்கின் வலுவையும் மாற்றிவிடக் கூடாது. ‘செய்யும்’ என்பது கடமை. ‘செய்ய முயலும்’ என்பது முயற்சி. ‘செய்ய எண்ணியிருப்பதாகத் தெரிவித்தது’ என்பது தகவல் மட்டுமே. பேசியவர், “அடுத்த வருஷம் இன்னொரு லோரி எடுக்கலாமென்று இருக்கேன்” என்று சொன்னதை வாக்குப் பகுதியில் சேர்ப்பது அவருக்கு அநியாயம். அதைப் பேச்சுச் சுருக்கத்தில் விடுங்கள். வாக்குகளுக்குத் தனி எண்ணும் தனி இடமும் கொடுங்கள்.

இருதரப்பு இசைவு விவகாரத்தை எழுதும் முறை

தராசுக்கு வருவோம். இங்கே முடிவு என்ன என்பதைப் போலவே, எந்த வழியில் முடிவெடுத்தார்கள் என்பதும் பதிவாகவேண்டும். எந்த உட்பிரிவு, எந்த வரம்பு, என்ன ஆவணம் மேசையில் வைக்கப்பட்டது, ஒவ்வொரு தரப்பும் தனித்தனியே என்ன சொன்னது என்ற வரிசையில் எழுதுங்கள். ‘ஏகமனதாக’ என்ற சொல்லை நான் இந்தப் பகுதியில் பயன்படுத்துவதே இல்லை. கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு அது பொருந்தும். இங்கே அது இரு தரப்பின் தனித்தனிக் குரலையும் மறைத்துவிடுகிறது.

> *இருதரப்பு இசைவு 1.* 50,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட செலவு என்பதால் பங்குதாரர் ஒப்பந்தத்தின் இருதரப்பு இசைவுப் பட்டியலின்கீழ் இது எடுத்துக்கொள்ளப்பட்டது. மூன்று விலைப்புள்ளிகள் இரு தரப்புக்கும் மார்ச் 7 அன்று கொடுக்கப்பட்டன. அடித்தளமும் பொருத்தும் கூலியும் உட்பட 148,000 ரிங்கிட்டுக்கான இரண்டாம் விலைப்புள்ளியை ஏற்க லோரித் தரப்பு இசைந்தது. நிலத் தரப்பும் இசைந்தது. ஆனால் மொத்தச் செலவு 155,000 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது, இதற்காகக் கடன் வாங்கக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு. லோரித் தரப்பு அந்த நிபந்தனைகளை ஏற்றது. ஜூன் 30-க்குள் தராசுக்கான ஆணை கொடுக்கப்படாவிட்டால் இந்த இசைவு காலாவதியாகும்.

காலக்கெடு எதற்கு என்று கேட்பார்கள். இன்றைய விலைக்கும் இன்றைய வங்கி இருப்புக்கும் கொடுத்த இசைவை, ஓராண்டு கழித்துச் சூழ்நிலை மாறிய பின் ஒருவர் எடுத்துக் காட்டக் கூடாது என்பதற்காகத்தான். கடன் கூடாது என்ற நிபந்தனையும் வெறும் எச்சரிக்கை அல்ல. கடன் பட்டியலில் தனி விவகாரம். தராசுக்கு இசைந்தது கடனுக்கும் இசைந்ததாகாது என்பதை அந்த வரி காப்பாற்றுகிறது.

இந்த வகையில் இரண்டு தவறுகளைக் கவனமாகப் பார்க்கவேண்டும். ஒன்று, செலவைத் துண்டு போடுவது. தராசு 98,000, அடித்தளம் 32,000, பொருத்தும் கூலி 18,000 என்று மூன்று பில் வந்தால், பின்னிரண்டும் 50,000-க்குள் அடங்கிவிடும். ஒரே வேலையின் பகுதிகள் ஒரே செலவாகக் கணக்கிடப்படும் என்பதை ஒப்பந்தம் சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும், குறிப்பில் மொத்தத் தொகையை எழுதிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. மற்றொன்று, முன்பே செய்துவிட்டு இசைவு கேட்பது. லோரித் தரப்பு பிப்ரவரியிலேயே முன்பணம் 10,000 கொடுத்துவிட்டிருந்தால், அதை மறைத்து எழுதாதீர்கள். “பிப்ரவரியில் இசைவின்றிக் கொடுக்கப்பட்ட முன்பணம் 10,000 ரிங்கிட்டை நிலத் தரப்பு இன்று ஏற்றது, இது எதிர்காலச் செலவுகளுக்கு முன்னுதாரணமாகாது” என்று எழுதுங்கள். நிலத் தரப்பு ஏற்கவில்லையென்றால், அது தீராத விஷயங்களில் சேரவேண்டும்.

ஒரு தரப்பு பேசாமல் இருந்தால் என்ன எழுதுவது? மௌனம் சம்மதம் என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்தப் பகுதியில் அது செல்லாது. கூட்டத் தலைவர் அந்தத் தரப்பைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். அப்போதும் பதில் வராவிட்டால், “நிலத் தரப்பு இன்று தன் இசைவைத் தெரிவிக்கவில்லை” என்று எழுதுங்கள். அந்த முடிவு நிறைவேறவில்லை.

தீராததை எழுதும் முறை

பலர் இந்தப் பகுதியை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: “லோரிக் கூலி அடுத்த கூட்டத்தில் பேசப்படும்.” அல்லது இன்னும் மோசமாக, “கொள்கையளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது.” இந்த இரண்டாவது தொடரை நான் ஒருமுறை எழுதி, இரண்டு குடும்பங்கள் ஓராண்டு பேசாமல் இருந்ததைப் பார்த்தேன். ஒரு தரப்பு அதை ‘ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்று படித்தது. மற்றது ‘கொள்கையளவில் மட்டும்’ என்று படித்தது. அந்தத் தொடரை அதற்குப் பிறகு நான் எழுதவில்லை.

கூலி விஷயத்தில் லோரித் தரப்பு டன்னுக்கு 32 ரிங்கிட் கேட்கிறது; நிலத் தரப்பு 26-க்கு மேல் முடியாது என்கிறது. ரேம்ப் மாதம் 400 டன் அனுப்பும் என்று இருவரும் எதிர்பார்க்கிறார்கள். வித்தியாசம் மாதம் 2,400 ரிங்கிட். தொழில் ஏப்ரலில் தொடங்கிவிடும். லோரிகள் ஓடத்தான் செய்யும். ஆகவே கூலி தீரவில்லை என்பதோடு நிறுத்தினால், முதல் மாத பில்லில் லோரித் தரப்பு 32 என்று போடும், கணக்கர் அதைக் கட்டிவிடுவார், மூன்று மாதம் கழித்து அதுவே ‘வழக்கம்’ ஆகிவிடும். நிலத் தரப்பு மூன்று பில்லுக்குப் பேசாமல் இருந்தது ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம் என்று வாதிக்கவும் இடம் கிடைக்கும். தீராத விஷயங்களில் பெரும்பாலானவை இப்படித்தான், யாரும் முடிவெடுக்காமலேயே, நடப்பால் முடிந்துபோகின்றன. அதைத் தடுப்பது இடைக்கால ஏற்பாடு பற்றிய வரி.

> *தீராதது 1: லோரிக் கூலி.* இரு தரப்பும் ஏற்றவை: கூலி ஆலையின் எடைச் சீட்டிலுள்ள எடைக்கே கணக்கிடப்படும், பில் மாதம் ஒருமுறை. ஏற்காதது: டன்னுக்கான தொகை. லோரித் தரப்பின் நிலை: 32 ரிங்கிட், ஆலையில் வரிசையில் காத்திருக்கும் நேரமும் டீசல் செலவும் காரணம் எனக் கூறியது. நிலத் தரப்பின் நிலை: 26 ரிங்கிட், வெளி லோரிக்காரர்கள் அந்தத் தொகைக்கு வருவதாகக் கூறியது. இடைக்கால ஏற்பாடு: நிறுவனம் டன்னுக்கு 26 ரிங்கிட் கொடுக்கும், மீதி 6 ரிங்கிட் கணக்கில் தனியாகக் குறிக்கப்படும், கொடுக்கப்படாது. கொடுப்பதோ பெறுவதோ எந்தத் தரப்பும் தன் நிலையைக் கைவிட்டதாகாது. அடுத்த அடி: லோரித் தரப்பு ஏப்ரல் மாதப் பயணப் பதிவையும் டீசல் ரசீதுகளையும், நிலத் தரப்பு எழுத்தில் இரண்டு வெளி விலைப்புள்ளிகளையும் மே 10-க்குள் செயலாளரிடம் தரும். மே 17 கூட்டத்தில் தீராவிட்டால், ஒப்பந்தத்திலுள்ள கருத்துவேறுபாட்டு விதி செயல்படத் தொடங்கும்.

இதில் ‘இரு தரப்பும் ஏற்றவை’ என்ற வரியை நான் எப்போதும் முதலில் வைப்பேன். கூலியில் சண்டை என்று நினைத்து வந்தவர்கள், எந்த எடையில் கணக்கிடுவது என்பதில் தங்களுக்குள் சண்டையே இல்லை என்பதை அங்கேதான் பார்க்கிறார்கள். ரேம்ப்பில் போடும் எடையும் ஆலையில் போடும் எடையும் சிறிது மாறும். குலைகள் காத்திருக்கும்போது ஈரம் குறையும், பழம் உதிரும். அந்த வித்தியாசம் யாருடையது என்பது இன்னொரு பெரிய சிக்கல். அது பேசப்படவில்லையென்றால், ‘பேசப்படவில்லை’ என்று தீராதது 2 ஆகப் பதிவுசெய்யுங்கள், பேசாதது தீர்ந்ததாகாது.

ஒவ்வொரு தரப்பின் நிலையையும் எழுதும்போது அவரவர் சொன்ன காரணத்தோடு எழுதுங்கள். ஆனால் அது நியாயமா என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ‘கூறியது’ என்ற வினை போதும். ‘வற்புறுத்தியது’, ‘பிடிவாதமாக மறுத்தது’ போன்றவை குறிப்பு எழுதுபவரின் மனநிலையைக் காட்டுபவை. கோபத்தில் சொன்ன சொற்களும் வேண்டாம். எந்த நிலையையும் மற்றதைவிட நீளமாக எழுதிவிட்டோமா என்று கடைசியில் ஒருமுறை பாருங்கள். ஐந்து வரி ஒருவருக்கு, ஒரு வரி மற்றவருக்கு என்றிருந்தால் அந்த மற்றவர் கையெழுத்திட மாட்டார், அதில் நியாயமும் இருக்கும்.

வாசித்தல், அனுப்புதல், கையெழுத்து

கூட்டம் கலைவதற்கு முன் வாக்குகள், இருதரப்பு இசைவுகள், தீராதவை ஆகிய மூன்று பகுதிகளையும் உரக்க வாசியுங்கள். முழுக் குறிப்பு வேண்டாம். இந்த மூன்று மட்டும். பத்து நிமிடம் ஆகும். எனக்குத் தெரிந்து திருத்தங்களில் பெரும்பகுதி அந்தப் பத்து நிமிடத்தில்தான் வருகிறது, அப்போது டீ கூட ஆறியிருக்காது.

வரைவை மூன்று நாளுக்குள் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஒருவருக்கு முன்னால் காட்டித் திருத்தி, மற்றவருக்குப் பின்னால் அனுப்பாதீர்கள். ஏழு நாளுக்குள் திருத்தம் கேட்கலாம் என்று குறிப்பிடுங்கள். ஒருவர் திருத்தம் கேட்டு மற்றவர் மறுத்தால், உங்கள் கைக்குறிப்பை வைத்து நீங்களே தீர்ப்பளிக்காமல், இரு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கூட்டத்துக்குப் பிறகு மனம் மாறி, “நான் அப்படி ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது” என்று ஒருவர் சொன்னால், அது திருத்தம் அன்று, புதிய பொருள். மார்ச் 14 குறிப்பு மார்ச் 14-இல் நடந்ததைத்தான் சொல்லவேண்டும்.

தலைவர் கையெழுத்திட்ட குறிப்பு, கூட்டத்தில் நடந்தவற்றுக்குச் சட்டப்படி ஆதாரமாகக் கொள்ளப்படும். ஆனால் இந்தத் தொழிலில் தலைவர் பெரும்பாலும் பெரும் பங்காளியின் ஆள். ஆகவே இரு தரப்பின் பிரதிநிதிகளும் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் இட்டு, கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்திடுவதை நான் வலியுறுத்துகிறேன்.

கையெழுத்துக்கு மேலே ஒரு வரி அவசியம். பங்குதாரர் ஒப்பந்தங்களில் வழக்கமாக, இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்தின் மூலமாகத்தான் ஒப்பந்தத்தை மாற்றலாம் என்ற விதி இருக்கும். கூட்டக் குறிப்பும் இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்துதான். அதனால் அது தெரியாமலே ஒப்பந்தத்தை மாற்றிவிட்டதாக ஒருவர் வாதிக்க முடியும். மாற்றுவது நோக்கம் இல்லையென்றால், “இக்குறிப்பில் உள்ள எதுவும் பங்குதாரர் ஒப்பந்தத்தைத் திருத்தாது, முரண்பாடு இருந்தால் ஒப்பந்தமே நிற்கும்” என்று எழுதுங்கள். மாற்றுவதுதான் நோக்கம் என்றால், அதைக் குறிப்பில் வைக்காமல் தனி ஆவணமாக வழக்கறிஞரிடம் தயாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தின் நிரலில் முதலில் வரவேண்டியவை பழைய எண்கள்: வாக்கு 1 நிறைவேறியதா, இருதரப்பு இசைவு 1-இன் கெடு இன்னும் இருக்கிறதா, தீராதது 1-க்கு இரு தரப்பும் ஆவணம் கொடுத்தனவா. எண்களை மாற்றாதீர்கள், மே மாதக் குறிப்பிலும் லோரிக் கூலி தீராதது 1 தான். தீர்ந்த நாளில் அந்த எண்ணுக்கு எதிரே தொகையையும் தேதியையும், தனியாகக் குறித்து வைத்த அந்த 6 ரிங்கிட்டில் எவ்வளவு யாருக்குப் போனது என்பதையும் எழுதி முடித்துவிடுங்கள்.